ட்ரோன் கையின் தடிமன்

ஐந்து அங்குல விசிறி பூட்டிய ட்ரோனின் சட்டகத்தை வரையும்போது கையின் நீளம்தான் முதலில் முடிவாகிறது. விசிறியின் விட்டம் 127 மி.மீ. நான்கு மோட்டார்களையும் ஒரு சதுரத்தின் மூலைகளில் வைத்து, எதிரெதிர் மோட்டார்களுக்கு இடையே 225 மி.மீ. விட்டால், பக்கத்துப் பக்கத்து மோட்டார்கள் 159 மி.மீ. தள்ளி நிற்கும். விசிறிகளுக்கு நடுவே 32 மி.மீ. வெற்றிடம் மிஞ்சும். மையத்திலிருந்து மோட்டார் வரையுள்ள தொலைவில் சுமார் 32 மி.மீ. நடுத்தட்டுக்குள் போய்விட்டால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கை ஏறக்குறைய 80 மி.மீ. இருக்கும். தடிமன், அகலம் ஆகிய கணக்குகள் எல்லாம் இந்த 80 மி.மீட்டரிலிருந்தே தொடங்குகின்றன.

தடிமனின் பயன் நேர்விகிதத்தில் வளர்வதில்லை. கையின் எடை தடிமனோடு சமமாகக் கூடும். முறியாமல் தாங்கும் வலிமை தடிமனின் இருமடியாகக் கூடும். வளையாமல் நிற்கும் விறைப்போ மும்மடியாகக் கூடும். 12 மி.மீ. அகலமுள்ள கையில் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 4 மி.மீ. தடிமனில் அதன் வெளிப்பகுதி சுமார் 6 கிராம். நுனியை 1 மி.மீ. வளைக்க ஏறத்தாழ 2 கிலோ சுமை போதும். 5 மி.மீ. ஆக்கினால் எடை சுமார் ஏழரை கிராம்தான், ஆனால் அதே வளைவுக்கு 4 கிலோ வேண்டும். நான்கு கைகளுக்கும் சேர்த்துக் கூடிய எடை 6 கிராம். பேட்டரியோடு 700 கிராம் எடையுள்ள ட்ரோனில் இந்த 6 கிராமுக்கு இரண்டு மடங்கு விறைப்பு கிடைப்பது மிக நல்ல பேரம்.

அந்த விறைப்பு பறத்தலில் எங்கே பயன்படுகிறது? கையின் நுனியில் மோட்டாரும் விசிறியுமாகச் சுமார் 40 கிராம் தொங்குகிறது. கையைத் தட்டிவிட்டால் அந்தச் சுமையோடு அது தனக்கே உரிய வேகத்தில் அதிரும். மேலே சொன்ன 4 மி.மீ. கைக்கு இது நொடிக்கு ஏறக்குறைய 115 அதிர்வு, 5 மி.மீ. கைக்கு 160. திருகுகளும் நடுத்தட்டும் சற்றே நெகிழ்வதால் உண்மையில் இரண்டுமே இதைவிடக் குறையும். மோட்டாரின் வேகம் ஏறி இறங்கும்போது இந்த எண்ணைக் கடந்தே தீரும். அப்போது கை ஒத்ததிர்ந்து, கைரோவுக்குப் பொய்யான அசைவைச் சொல்லும். ஃபிளைட் கன்ட்ரோலர் அதை வடிகட்டித்தான் ஆகவேண்டும். அதிர்வு எவ்வளவு தாழ்ந்ததோ, அவ்வளவுக்கு அது ட்ரோனின் உண்மையான அசைவுகளுக்கு நெருங்கி வருகிறது. நெருங்கிய அதிர்வை வடிகட்டினால் சமிக்ஞை தாமதமாகும். தாமதமான சமிக்ஞையால் ட்ரோன் திருப்பங்களில் தடுமாறும், வீணாகத் திருத்திக்கொண்டிருக்கும் மோட்டார்கள் சூடாகும்.

இந்தக் குறையைக் கண்டுபிடிக்க ஒரு தெளிவான வழி உண்டு. பறத்தலின்போது பதிவான கைரோ தரவை அதிர்வெண் வாரியாகப் பிரித்து, எரிவிசை அளவோடு ஒப்பிட வேண்டும். மோட்டாரிலிருந்து வரும் இரைச்சல் விசை கூடக்கூட மேலே ஏறும். சட்டகத்தின் ஒத்ததிர்வு விசை எவ்வளவானாலும் ஒரே இடத்தில் பட்டையாக நிற்கும். அப்படி ஒரு பட்டை திடீரென்று முளைத்தால் முதலில் கையின் திருகுகளை இறுக்கிப் பார்ப்பது நல்லது. தளர்ந்த திருகும் மெலிந்த கையும் தரவில் ஒன்றுபோலவே தெரியும்.

அப்படியானால் தடிமனைக் கூட்டிக்கொண்டே போகலாமா? அதற்கு முன்பு அகலத்தைப் பார்க்க வேண்டும். 12 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன் என்ற கையும், 10 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன் என்ற கையும் ஒரே எடைதான். பின்னது மேலும் கீழும் வளைவதில் 44 விழுக்காடு விறைப்பானது. குறுகலாக இருப்பதால் விசிறி கீழே தள்ளும் காற்றையும் குறைவாகத் தடுக்கும். ஆனால் பக்கவாட்டு அடியில் அதன் வலிமை ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கம்பத்திலும் கிளையிலும் மோதும் ட்ரோனுக்கு அடி பெரும்பாலும் பக்கவாட்டில்தான் விழுகிறது. வளையங்களுக்குள் புகுந்து பந்தயம் ஓடும் ட்ரோனுக்குக் குறுகிய கை பொருந்தும். சுவரையும் மரத்தையும் ஒட்டிச் சாகசம் செய்யும் ட்ரோனுக்கு அகலத்தை விட்டுக்கொடுக்காத 5 மி.மீ. கைதான் சரி.

சட்டகத்தின் அமைப்பும் விறைப்பைத் தீர்மானிக்கிறது. காரணம் இழையின் திசை. ட்ரோனுக்கு வாங்கும் கார்பன் பலகையில் இழைகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில்தான் ஓடுகின்றன. அந்தத் திசைகளில் பலகை விறைப்பானது. 45 பாகை சாய்த்து வெட்டினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும், ஏனென்றால் அங்கே சுமையைத் தாங்குவது இழையைவிட ரெசின்தான். நான்கு கைகளும் நடுத்தட்டும் ஒரே துண்டான சட்டகத்தில் கைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால், பலகையில் 45 பாகை திருப்பி வைத்து எல்லாக் கைகளையும் இழையோடு சேர்த்து வெட்டிவிடலாம். முன்பின் நீட்டிய பந்தய அமைப்பிலோ, விசிறி கேமராவில் விழாதபடி முன்கைகளைப் பக்கவாட்டில் விரித்த அமைப்பிலோ இது முடியாது; ஏதோ ஒரு ஜோடி இழைக்குக் குறுக்கே சாய்ந்துவிடும். அத்தகைய அமைப்புகளுக்குக் கைகளைத் தனித்தனியாக வெட்டிப் பூட்டுவதே முறை.

விரித்த அமைப்பில் முன்கைகள் நீளவும் செய்கின்றன. 80 மி.மீ. கை 95 ஆனால் விறைப்பு 60 விழுக்காடாகச் சரியும். நீளமும் தடிமனும் இரண்டுமே மும்மடிக் கணக்கில் வேலை செய்வதால், நீளம் எத்தனை விழுக்காடு கூடியதோ அத்தனை விழுக்காடு தடிமனைக் கூட்டினால் பழைய விறைப்பு திரும்பும். இங்கே 5 மி.மீ. கையை 6 ஆக்க வேண்டும்.

மோதலின் கணக்கு வேறு. 700 கிராம் ட்ரோன் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதினால் 140 ஜூல் ஆற்றலை எங்காவது இறக்கியாக வேண்டும். கார்பன் ஃபைபர் அலுமினியம்போல வளைந்து கொடுத்து ஆற்றலை உள்வாங்காது; எல்லையைத் தாண்டியதும் சட்டென்று முறியும். பெரும்பாலும் நடுத்தட்டின் விளிம்பை ஒட்டிய திருகுத் துளையில்தான் முறிவு வரும். துளை பொருளைக் குறைக்கிறது, வளைவும் அங்கேதான் உச்சம். எனவே அந்த இடத்தில் கையை அகலமாக்கி, உள்மூலைகளைக் கூராக வெட்டாமல் வளைவாக விடுகிறார்கள். இரண்டு நடுத்தட்டுகளுக்கு இடையே கையைப் பொருத்தி, ஒன்றோடொன்று கோத்துப் பூட்டினால் திருகு மட்டும் சுமையைத் தாங்க வேண்டியதில்லை.

தடிமனுக்கு மேல்வரம்பு வைப்பதும் இதுவே. கையை 7, 8 மி.மீ. ஆக்கினால் கை பிழைத்து, அடி மோட்டாரின் அச்சுக்கோ நடுத்தட்டுக்கோ கடந்துவிடும். மோதலில் முதலில் போக வேண்டியது கைதான். அது மலிவானது, சில திருகுகளைக் கழற்றினால் மாற்றிவிடலாம். ஒரே துண்டுச் சட்டகம் எடை குறைந்தது, இணைப்பு இல்லாததால் விறைப்பும் கூடியது. ஆனால் ஒரு கை முறிந்தால் மோட்டார், மின்பலகை, கம்பிகள் எல்லாவற்றையும் பிரித்துப் புதுச் சட்டகத்தில் ஏற்ற வேண்டிவரும்.

முறியாமலே கெட்டுப்போகும் கையும் உண்டு. நுனியில் நேராக அடிபட்டால் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். மோட்டாரைத் தாண்டிக் கை சற்றே நீண்டிருந்தால் மோட்டார் தப்பும், அடியை அந்த நுனி வாங்கிக்கொள்ளும். வெட்டிய விளிம்புகளைத் தேய்த்து வழவழப்பாக்கி உடனடிப் பசை தடவினால் பிரிவு தாமதமாகும். தேய்க்கும்போது நீர் ஊற்றித் தேய்ப்பதும் முகக்கவசம் அணிவதும் கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதி, மின்சாரத்தைக் கடத்துவதால் மின்பலகைக்கும் ஆபத்து. ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் நாணயத்தால் கையை நீளவாக்கில் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இடத்தில் கணீரென்று ஒலிக்கும், அடுக்கு பிரிந்த இடத்தில் மந்தமாகக் கேட்கும். நுனியில் மட்டும் பிரிந்திருந்தால் மெல்லிய பசையை உள்ளே இறக்கி இடுக்கியால் அழுத்திச் சரிசெய்யலாம். திருகுத் துளையைச் சுற்றி வெண்கோடோ மந்த ஒலியோ இருந்தால் அந்தக் கையை மாற்றிவிட வேண்டும்.