அடியிலை பட்ட பாடு மேலிலைக்கு எப்படித் தெரிந்தது?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ராஸ் என்ற ஆய்வாளர், புகையிலைச் செடியின் அடியிலைகளில் தேமல் வைரஸைத் தேய்த்துவிட்டுக் காத்திருந்தார். அவர் எடுத்துக்கொண்ட ரகம் கொஞ்சம் ரோஷமுள்ளது. வைரஸ் நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள செல்கள் தாமாகவே செத்து, அங்கே ஒரு பழுப்புப் புள்ளி விழும். வைரஸ் அந்தப் புள்ளிக்குள்ளேயே சிறைப்பட்டுவிடும். அதனால் புள்ளிகளை எண்ணியும் அளந்தும் பார்த்தாலே செடியின் எதிர்ப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஒரு வாரம் கழித்து அதே செடியின் மேலிலைகளிலும் வைரஸைத் தேய்த்தார். அந்த இலைகளை முன்பு யாரும் தொட்டதில்லை. ஆனாலும் அவற்றில் விழுந்த புள்ளிகள், புதிதாக நோய் கண்ட செடிகளின் புள்ளிகளில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு அளவே இருந்தன. 1961-இல் இதை வெளியிட்ட ராஸ், 'உடல் முழுக்கப் பரவும் பெறப்பட்ட எதிர்ப்பு' என்ற பொருளில் இதற்குப் பெயரிட்டார். நம் தடுப்பூசியோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஆனால் செடிக்கு ரத்தமும் இல்லை, ஓடித்திரியும் வெள்ளையணுவும் இல்லை. அப்படியானால் அடியிலையின் செய்தியை மேலே கொண்டுபோனது எது?

துப்பு வந்தது ஒரு மாத்திரையிலிருந்து. 1979-இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஆர். எஃப். ஒயிட் என்பவர் ஆஸ்பிரின் கரைசலைப் புகையிலை இலைக்குள் செலுத்தினார். அந்த இலையில் வைரஸின் புள்ளிகள் வெகுவாகக் குறைந்தன. ஆஸ்பிரின் என்பது சாலிசிலிக் அமிலத்தின் மாற்றுருவம்தான். வில்லோ மரப்பட்டையில் இருக்கும் சாலிசின் என்ற பொருளிலிருந்து அந்த அமிலத்துக்குப் பெயர் வந்தது. செடிக்கு அதை நாம் கொடுக்க வேண்டியதே இல்லை, நோய் வரும்போது அதுவே சுரந்துகொள்கிறது என்பது 1990-இல் உறுதியாயிற்று. புகையிலை இலையில் ஒரு குழுவும், வெள்ளரியின் சாற்றில் இன்னொரு குழுவும் ஒரே ஆண்டில் அதைக் கண்டன. சர்க்கரையை ஏற்றிச் செல்லும் புளோயம் குழாயிலேயே சாலிசிலிக் அமிலம் ஓடியது. செய்தி கொண்டுபோகும் தூதன் அகப்பட்டுவிட்டான் என்றுதான் எவருக்கும் தோன்றியிருக்கும்.

வழக்கு அங்கே முடியவில்லை. சாலிசிலிக் அமிலத்தைத் தின்று செரிக்கும் ஒரு பாக்டீரியா மண்ணில் உண்டு. அதன் மரபணுவைப் புகையிலைக்குள் ஏற்றினால், செடி அமிலத்தைச் சுரக்கச் சுரக்க அது அழிந்துகொண்டே இருக்கும். 1993-இல் வந்த இந்தச் செடிக்கு எதிர்ப்பு உண்டாகவே இல்லை. அமிலம் இன்றியமையாதது என்பது தெளிவு. ஆனால் எங்கே இன்றியமையாதது? இதற்கான விடையைச் சொன்னது ஒட்டுக்கட்டல். மாவுக்கும் ரோஜாவுக்கும் நம் தோட்டக்காரர்கள் செய்கிற அதே வேலைதான். அமிலம் தங்காத செடியை அடிப்பாதியாகவும், சாதாரணச் செடியை மேல்பாதியாகவும் வைத்து ஒட்டி, அடியிலையில் வைரஸைத் தேய்த்தார்கள். அமிலமே தூதன் என்றால் மேலே எதிர்ப்பு வரக்கூடாது. ஆனால் வந்தது. திருப்பி ஒட்டியபோது, அதாவது அடியில் சாதாரணச் செடி, மேலே அமிலம் தங்காத செடி என்று வைத்தபோது, எதிர்ப்பு வரவில்லை.

ஆக, சாலிசிலிக் அமிலம் தபால்காரர் அல்ல, தபாலைப் பெற்றவர் வீட்டில் ஏற்றும் விளக்கு. வெள்ளரியில் செய்த சோதனையும் இதையே சொன்னது. நோய் தொட்ட இலையைச் சில மணி நேரத்தில், அமிலம் சாற்றில் தலைகாட்டுமுன்பே கிள்ளி எறிந்தாலும் மற்ற இலைகள் விழித்துக்கொண்டன. என்னைக் கேட்டால் இந்த ஒட்டுக்கட்டல் சோதனைதான் கதையின் உச்சம். விலை உயர்ந்த கருவி எதுவும் அதைச் சொல்லவில்லை, ஒரு கத்தியும் பொருத்திக் கட்டிய தண்டும் சொல்லின. உண்மையான தூதன் யார் என்பதற்குப் பல பெயர்கள் வந்தன. 2018-இல் வலுவாக முன்னுக்கு வந்தது, லைசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செடி செய்துகொள்ளும் என்-ஹைட்ராக்ஸிபிபெகோலிக் அமிலம். அது ஒருவரே செய்யும் வேலையா, கூட்டு வேலையா என்ற விவாதம் ஓயவில்லை.

விளக்கு ஏறியதும் நடப்பது ஓரளவு தெளிவு. செல்லுக்குள் என்.பி.ஆர்.1 என்ற புரதம் சும்மா இருக்கும்போது கட்டிக்கட்டியாக ஒட்டிக்கிடக்கும். அமிலம் கூடும்போது கட்டுகள் அவிழ்ந்து, அது தனித்தனியாகக் கருவுக்குள் போய்ப் பாதுகாப்பு மரபணுக்களைத் தட்டி எழுப்பும். பூஞ்சையின் சுவரை அரிக்கும் நொதிகளும் இவற்றால் உண்டாகும். பரம்பரைக் குறையால் இந்தப் புரதம் இல்லாத செடிக்கு எவ்வளவு அமிலம் கொடுத்தாலும் எதிர்ப்பு வருவதில்லை.

புழு கடித்தால் கதை வேறு. 1972-இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் ரயனும் உடன் ஆய்வாளரும், வண்டு கடித்த உருளை, தக்காளிச் செடிகளின் மற்ற இலைகளிலும் ஒரு புரதம் கூடுவதைக் கண்டனர். பூச்சியின் வயிற்றிலுள்ள செரிமான நொதியை அது முடக்குகிறது. அந்தச் செய்தியில் முக்கியப் பங்கு ஜாஸ்மோனிக் அமிலத்துக்கு. அதன் நெருங்கிய சொந்தம் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது நம்மூர் சாதிமல்லியின் எண்ணெயிலிருந்து. பூச்சிக்கும், செல்லைக் கொன்று தின்னும் பூஞ்சைக்கும் இந்த வழி. உயிருள்ள செல்லுக்குள் குடியிருந்து உண்ணும் கிருமிக்குச் சாலிசிலிக் வழி. ஒன்று ஓங்கினால் மற்றது பெரும்பாலும் தணிகிறது.

இந்த இடைவெளியைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தும் கிருமியும் உண்டு. தக்காளியில் கரும்புள்ளி உண்டாக்கும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா, கொரோனாட்டின் என்ற நச்சைச் சுரக்கிறது. அது செடியின் ஜாஸ்மோனிக் சமிக்ஞையை அச்சாகப் போலி செய்கிறது. கிருமியைக் கண்டு மூடிய இலைத்துளைகள், இந்த நச்சினால் சில மணி நேரத்தில் மீண்டும் திறந்துகொள்கின்றன. புழு வந்ததாக நம்பிச் செடி ஜாஸ்மோனிக் வழிக்குத் திரும்ப, சாலிசிலிக் காவல் தளர, பாக்டீரியா உள்ளே நுழைந்துவிடுகிறது.

ஆஸ்பிரினைக் கரைத்துத் தெளித்தால் போதுமே என்று மாடித்தோட்டக்காரர்கள் கேட்பதுண்டு. இலை கருகாத அளவு எது என்பது பயிருக்குப் பயிர் மாறும். அதோடு, இந்தக் காவலுக்குச் செடி கூலி கொடுக்கிறது. காவல் எப்போதும் விழித்தே இருக்கும் மரபுச் செடிகள் குட்டையாகவே நிற்கின்றன. 1999-இல் கலிஃபோர்னியாவின் தக்காளி வயலில் இரண்டு தூண்டிகளையும் சேர்த்துத் தெளித்தபோது, புழுவுக்கு எதிரான ஜாஸ்மோனிக் பலன் மங்கியது. இலையில் ஓட்டை விழும் செடிக்கு ஆஸ்பிரின் தெளிப்பது புழுவுக்கே விருந்தாகலாம்.

பயனுள்ள உதாரணம் ஜப்பானின் நெல்வயலில் இருக்கிறது. புரோபெனசோல் என்ற மருந்தை 1970களிலிருந்து குலைநோய்க்கு முன்கூட்டியே போடுகிறார்கள். அது முதன்மையாகப் பூஞ்சையைக் கொல்வதில்லை, நெல்லின் இந்தக் காவலைத்தான் எழுப்புகிறது. குலைநோய்ப் புள்ளி இலையில் நன்றாகப் பரவிய பிறகு போட்டால் அதனால் பெரிய பலன் இருக்காது.