ஒருமுறை உடுத்திய பட்டுக்கு என்ன விலை?

கல்யாண வரவேற்புக்கென்று எடுத்த காஞ்சிப் பட்டு பெரும்பாலும் ஒரே மாலையோடு பீரோவுக்குள் போய்விடுகிறது. அதை விற்க நினைப்பவர் முதலில் தேடி எடுப்பது பழைய பில்லை. 42,000 ரூபாய்க்கு எடுத்தது, ஒரே ஒருமுறை கட்டியது, 35,000 ஆவது வரவேண்டாமா என்று கணக்குப் போடுகிறார். வாங்க வருபவருக்கோ அந்தப் பில் தொகையில் அக்கறை கிடையாது. இந்தப் புடவை கையில் இல்லாவிட்டால், இதே பணத்துக்குக் கடையில் புதிதாக என்ன கிடைக்கும் என்பதுதான் அவர் கணக்கு. இரண்டும் எங்கே சந்திக்கின்றனவோ அதுவே விலை.

அந்தப் புடவையை முதலில் வாங்கியவர் கல்யாணப் பெண். மறுபடி வாங்குபவர் பெரும்பாலும் கல்யாணத்துக்குப் போகும் விருந்தாளி. முகூர்த்தத்துக்குக் கோடிப் புடவைதான் கட்ட வேண்டும் என்ற வழக்கம் இன்னும் உறுதியாக இருப்பதால், வேறொருவர் கட்டிய பட்டை மணமேடைக்கு வாங்குபவர் மிகக் குறைவு. நாத்தனார் கல்யாணத்துக்கோ, அண்ணன் மகன் நிச்சயதார்த்தத்துக்கோ, தீபாவளிக்கோ நல்லதாக ஒன்று வேண்டும் என்பவர்தான் வாடிக்கையாளர். பெண்ணுக்கு எடுக்கும்போது வீட்டார் விரித்த கையை, விருந்துக்குப் போகிறவர் தனக்காக விரிப்பதில்லை. அதனால் புடவையின் விலை ஏற ஏற, திரும்பி வரும் பங்கு சுருங்கிக்கொண்டே போகும். 12,000 ரூபாய்ப் பட்டு பாதி விலைக்கு எளிதில் போய்விடும். ஒரு லட்சத்தைத் தாண்டிய புடவைக்குப் பாதி கேட்டால், அவ்வளவு பணத்தோடு இருப்பவர் நேராகக் கடைக்குப் போய்ப் புதிதாகவே எடுத்துக்கொள்வார்.

ஆகவே கணக்கைத் தொடங்க வேண்டியது பில்லிலிருந்து அல்ல, இன்றைய கடை விலையிலிருந்து. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. தங்கத்தின் பங்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவுதான். எடையில் பெரும்பங்கு உலோகம், அதில் விலையைத் தீர்மானிப்பது வெள்ளி. வெள்ளி விலையும் பட்டு நூல் விலையும் ஏறிய ஆண்டுகளில், இரண்டு வருடத்துக்கு முன் 42,000 ரூபாய்க்கு எடுத்த அதே தரப் புடவை இன்று 48,000 ரூபாய்க்கு நிற்கலாம். அந்த ஏற்றம் விற்பவருக்குச் சாதகம். ஆனால் கடையின் சீட்டில் உள்ள விலையை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆடித் தள்ளுபடியும் பண்டிகைச் சலுகையும் வாங்குபவருக்கும் தெரியும். அதைக் கழித்துத்தான் அவர் ஒப்பிடுவார்.

அடுத்தது பிளவுஸ். காஞ்சிப் பட்டு பொதுவாக பிளவுஸ் துணியோடு சேர்ந்து ஆறேகால் மீட்டர் அளவில் வரும். அந்தத் துணி வெட்டப்படாமல் இருந்தால் புடவை ஏறக்குறைய புதியதாகவே எண்ணப்படும். ஒருமுறை கட்டிய புடவையில் அப்படி இருப்பது அரிது. வெட்டித் தைத்து, மேலே ஆரி வேலை செய்த பிளவுஸுக்கு 7,000 ரூபாய் ஆகியிருக்கும். விற்கும்போது அந்தப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். மார்பளவு, தோள், கழுத்து எல்லாம் ஒருவருக்கென்று தைத்தவை. உள்ளே இரண்டு அங்குலம் தையல் விட்டிருந்தால் ஒரு சிலருக்குப் பொருந்தலாம், அவ்வளவுதான். பிளவுஸ் இல்லை என்றால் வாங்குபவர் அந்தக் கரைக்கு ஒத்த நிறத்தில் துணி தேடித் தைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் செலவு நேராக விலையிலிருந்து கழியும். ஃபால்ஸும் முந்திக் குஞ்சமும் விலையைக் கூட்டுவதில்லை, விற்பனையைக் கொஞ்சம் சுலபமாக்கும். கொசுவத்தை நிரந்தரமாகத் தைத்து, இடுப்புப் பட்டி வைத்து ‘ரெடிமேட்’ ஆக்கிய பட்டு என்றால் பேச்சு வேறு. அது இனி புடவையே அல்ல, ஓர் அளவு உடை.

‘ஒருமுறைதான் கட்டியது’ என்ற சொல்லை எல்லாரும் சொல்கிறார்கள் என்பதால் அதற்கு மதிப்பு குறைவு. துணி என்ன சொல்கிறது என்றுதான் பார்ப்பார்கள். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் விரித்துப் பிடித்தால் நான்கு இடங்கள் தெரியவரும். தோளில் சேஃப்டி பின் இழுத்த துளைகள், கீழ்க்கரையில் செருப்பின் குதிகால் பட்ட கிழிசல், மாலையிலிருந்தும் சந்தனத்திலிருந்தும் இறங்கிய கறை, மடிப்பு விழுந்த இடத்தில் நூல் விட்டுப்போன கோடு. கடைசியில் சொன்னது உடுத்தியதால் வருவதல்ல. அதே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்ததால் வருவது. ஜரிகையோடு பாச்சை உருண்டையை வைத்தாலும், கட்டிய பின் சென்ட் அடித்தாலும் ஜரிகை கறுக்கக்கூடும். கறை, பூச்சி அரித்த துளை இரண்டும் சலவைக்குப் போய்ச் சரியாகிவிடும் என்று நம்பி விலை வைப்பவர் பிறகு திருப்பித் தரும் சண்டையில் மாட்டிக்கொள்வார். குறையைக் கிட்டத்தில் படம் எடுத்து முதலிலேயே காட்டுவது விலையை ஆயிரம் ரூபாய் குறைக்கலாம். ஆனால் விற்ற புடவை விற்றதாகவே இருக்கும்.

குறைகளைவிடப் பெரிய தள்ளுபடியைச் சந்தேகம் பிடுங்கிக்கொள்கிறது. விசைத்தறியில் நெய்த போலிகளும், வெள்ளியே இல்லாத ஜரிகையும் ஏராளமாக இருக்கும்போது, முகம் தெரியாதவரிடம் வாங்குபவர் மோசமானதையே நினைத்துக்கொண்டு விலை சொல்வார். இங்கேதான் அந்தப் பழைய பில் உதவுகிறது, விலைக்காக அல்ல, சாட்சியாக. சில்க் மார்க் சீட்டு கூட இருந்தால் பட்டு அசல் பட்டுதான் என்பது உறுதியாகும். ஆனால் அந்த முத்திரை நூலுக்குத்தான், ஜரிகைக்கு அல்ல. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஜரிகையின் வெள்ளி அளவை அறிய, நகைக்கடையில் தங்கத்தைச் சோதிப்பது போன்ற எக்ஸ்-ரே இயந்திரம் இருக்கிறது. விலை உயர்ந்த புடவைக்கு அந்தச் சோதனைச் சீட்டு செலவைத் திருப்பித் தந்துவிடும். நெசவைப் பொறுத்தவரை, உடலும் கரையும் வேறு நிறமாக இருந்து, பின்பக்கம் திருப்பினால் இரண்டும் பின்னிப் பிணைந்த கோர்வை தெரிவதும், முந்தி சேருமிடத்தில் பேட்னி தடிப்பாகத் தட்டுப்படுவதும் கைத்தறிக்கு நல்ல அடையாளங்கள். அந்த இரண்டு இடங்களின் பின்பக்கப் படம், மாடல் போல் கட்டி எடுத்த பத்துப் படங்களைவிட அதிகம் பேசும்.

இனி ஒரு புடவையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரக்கு உடல், பச்சைக் கரை, கோர்வைப் பட்டு. வாங்கிய விலை 42,000, இன்று இதே தரம் கடையில் 48,000. பண்டிகைச் சலுகையாக நூற்றுக்குப் பத்து கழித்தால் 43,200. பிளவுஸ் பொருந்தாது என்பதால் புதுத் துணிக்கும் தையலுக்கும் 2,200 போனால் 41,000. இதிலிருந்துதான் ‘வேறொருவர் கட்டியது, மாற்றிக்கொள்ள முடியாது, அசலா என்று தெரியாது’ என்ற மூன்றுக்குமான தள்ளுபடி. பில்லும் பட்டு முத்திரையும் இருந்து, கறையே இல்லாவிட்டால் நூற்றுக்கு நாற்பது என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சம் 24,600. ஆதாரம் ஒன்றுமில்லை என்றால் இந்த நாற்பது எளிதில் அறுபதாகி, விலை 16,400 ஆக இறங்கிவிடும். பேரம் பேசாமல் யாரும் வாங்குவதில்லை என்பதால் 26,500 சொல்லி 24,000 ரூபாய்க்கு முடிக்கலாம். சலவைக்கும் கூரியருக்கும் 800 போனால் கையில் 23,200. நடுவில் ஒரு கடையோ பக்கமோ கமிஷன் எடுத்தால் அது தனி.

இதற்குக் கீழே ஒரு தரை விலையும் உண்டு. பழைய பட்டுப்புடவை எடுப்பவர்கள் அழகுக்குப் பணம் தருவதில்லை; எரித்து எடுக்கப்போகும் வெள்ளிக்குத் தருகிறார்கள். காஞ்சிபுரத்தில் ஜரிகையை ‘மார்க்’ கணக்கில் வாங்குவார்கள். ஒரு மார்க் ஏறக்குறைய 242 கிராம். மேலே சொன்ன புடவையில் அரை மார்க், அதாவது 120 கிராம் ஜரிகை இருந்து, அதில் நூற்றுக்கு நாற்பது வெள்ளி என்றால் 48 கிராம். வெள்ளி கிராம் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 9,600. உருக்கும் செலவும் வியாபாரியின் லாபமும் போக மூன்றில் இரண்டு பங்கு, 6,400 ரூபாய் வந்தால் சரியான விலை. உடுத்துபவர் தரும் விலைக்கும் இதற்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருக்கும்வரை, ஒருமுறை கட்டிய புடவையை ஜரிகைக்குப் போடுவது வீண். பாட்டி காலத்துப் புடவை விஷயத்தில் இது தலைகீழாகலாம். துணி நைந்திருக்கும், வெள்ளி கூடுதலாக இருக்கும். செம்புக் கம்பியோ பாலியெஸ்டரோ கலந்த ஜரிகைக்கு இந்தத் தரையே கிடையாது.

கேட்பு நிறத்தையும் மாதத்தையும் பொறுத்தது. அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை போன்றவை எந்த வருடமும் போகும். வரவேற்புக்கென்று விரும்பி எடுக்கும் வெளிர் நிறங்கள் நாகரிகம் இருக்கும்போதே விற்க வேண்டியவை. கறையும் அவற்றில்தான் முதலில் தெரியும். ஆடியில் கடைகள் தள்ளுபடி போடுவதால் போட்டி கடுமை, மார்கழியில் கல்யாணமே இல்லை. ஆவணி முகூர்த்தங்களுக்கும் தீபாவளிக்கும் மூன்று நான்கு வாரம் முன்பும், தை பிறப்பதற்குச் சற்று முன்பும் படம் போட்டால், புது பிளவுஸ் தைக்க வாங்குபவருக்கு நேரமிருக்கும். வரவேற்பு லெஹெங்காவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்கு எதிரில் நிற்பது புதிய லெஹெங்கா அல்ல, வாடகை. ஒரு மாலைக்கு 6,000 ரூபாய் வாடகையில் அதே தரம் கிடைக்கும்போது இரண்டு மூன்று வாடகைக்கு மேல் தருபவர் அபூர்வம்.

வைத்த விலை சரியா என்பதை வரும் விசாரிப்புகளே காட்டிக்கொடுக்கும். போட்ட ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் ‘நானே எடுத்துக்கிறேன்’ என்றால் விலை குறைவு. பலர் கேட்டுவிட்டு விலையோடு நின்றுவிட்டால் ஓரிரண்டு ஆயிரம் அதிகம். அதைக் குறைத்தால் போதும். யாருமே கேட்காவிட்டால் விலையைத் தொடுவதற்கு முன் படத்தைப் பார்க்க வேண்டும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் அரக்கு பழுப்பாகத் தெரியும். அந்தப் பழுப்பை எந்த விலைக்கும் யாரும் கேட்கமாட்டார்கள்.