சோப்பு போட்ட கையில் புள்ளிகள் கூடினால்?

பள்ளி அறிவியல் கண்காட்சியில் அடிக்கடி தலைகாட்டும் சோதனை இது. ஒரு மாணவர் கை கழுவுவதில்லை, ஒருவர் வெறும் தண்ணீரில் கழுவுகிறார், ஒருவர் சோப்பு போடுகிறார். பஞ்சுக்குச்சியால் கையைத் துடைத்து அகர் தட்டில் தேய்த்து, இரண்டு நாள் கழித்து முளைத்திருக்கும் புள்ளிகளை எண்ணுவார்கள். விடைதான் தெரிந்ததாயிற்றே என்று சார்ட் பேப்பரில் முடிவைக்கூட முன்பே எழுதிவிடுவதுண்டு. தட்டைத் திறக்காமல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், சோப்பு போட்ட கையின் தட்டில்தான் புள்ளிகள் அதிகம்! "ஒழுங்கா கழுவலை, மறுபடி செய்" என்பார் ஆசிரியர். மாணவர் ஒழுங்காகவே கழுவியிருக்கலாம்.

நம் கையில் இருக்கும் பாக்டீரியா இரண்டு வகை. தோலிலேயே காலங்காலமாகக் குடியிருப்பவை ஒன்று. கைப்பிடி, காசு, கழிப்பறை என்று தொட்ட இடத்திலிருந்து வந்து ஒட்டியவை மற்றொன்று. 1938-இல் பிலிப் பிரைஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இந்தப் பிரிவினையைச் செய்தார். கழுவினால் எளிதில் போவது வந்து ஒட்டியவைதான். குடியிருப்பவை தோலின் செதில்களுக்கிடையே கொத்துக் கொத்தாக இருக்கும். தேய்த்துக் கழுவும்போது செதில்கள் இளகி, உள்ளே இருந்தவை மேலே வரும்; கொத்துகளும் உடையும். தட்டில் தெரியும் ஒரு புள்ளி, அதாவது ஒரு காலனி, ஒற்றை பாக்டீரியாவிலிருந்தும் வளரலாம், ஐம்பது சேர்ந்த கொத்திலிருந்தும் வளரலாம். கொத்து உடைந்து பத்தானால் புள்ளியும் பத்தாகும். கிருமி கூடவில்லை, எண்ணிக்கை மட்டும் கூடுகிறது.

லண்டனில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு இந்தச் சிக்கலில் மாட்டவில்லை. 20 தன்னார்வலர்கள் பொது இடங்களில் கதவுப்பிடிகளையும் கம்பிகளையும் தொட்டுவிட்டு வந்தார்கள். கழுவாமல், தண்ணீரில், சாதாரண சோப்பில் என்று மாறி மாறி ஆளுக்கு 24 முறை, மொத்தம் 480 மாதிரிகள். ஆய்வாளர்கள் பார்த்தது எல்லாப் பாக்டீரியாவையும் அல்ல, மலத்திலிருந்து வந்திருக்கக்கூடிய வகைகள் இருக்கின்றனவா இல்லையா என்பதை மட்டும். கழுவாத கைகளில் 44 விழுக்காட்டில் அவை இருந்தன. தண்ணீரில் கழுவியபின் 23, சோப்பு போட்டபின் 8. அந்த வகைகளைத் தேடி வளர்ப்பது பள்ளிக்கு ஏற்ற வேலையல்ல. ஆனால் எல்லோரையும் ஒரே மாதிரி அழுக்காக்கிவிட்டுத் தொடங்கும் அவர்கள் வழியை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

24 மாணவர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லோரும் பள்ளி மாடிப்படிக் கைப்பிடியை ஒரு நிமிடம் இரு கையாலும் பிடித்து நடக்கட்டும். ஒருவர் கையை இன்னொருவர் கையோடு ஒப்பிடுவதில் பயனில்லை. ஆளுக்கு ஆள் பல மடங்கு வேறுபடும். ஆகவே அவரவர் கைக்கு அவரவர் கையே அளவுகோல். காசைச் சுண்டி, தலை விழுந்தால் இடக்கை, பூ விழுந்தால் வலக்கை என்று ஒரு கையை முதலில் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு இரு கைகளையும் கழுவி, புதுக் காகிதத் துணியால் ஒற்றி, மற்றக் கையைத் துடைக்க வேண்டும். துடைப்பதே கொஞ்சம் பாக்டீரியாவை எடுத்துவிடும் என்பதால்தான் ஒரே கையை இருமுறை தொடுவதில்லை. எட்டுப் பேர் 20 விநாடி தண்ணீரில், எட்டுப் பேர் 20 விநாடி சோப்பில். மீதி எட்டுப் பேர் கழுவாமல் சும்மா நிற்பார்கள். திட்டத்தில் முதலில் வெட்டப்படுவது இந்தச் சும்மா நிற்கும் குழுதான். அது இல்லாமல் மற்ற இரண்டுக்கும் அர்த்தமில்லை.

பஞ்சுக்குச்சியை நேரே தட்டில் தேய்த்தால் ஒரே படலமாக வளர்ந்து எண்ண முடியாமல் போகலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைனில் 10 மி.லி. எடுத்து, கிருமி நீக்கிய சோதனைக் குழாயில் வையுங்கள். குச்சியை அதில் நனைத்து, நான்கு விரல்களின் உட்பக்கத்தை நுனியிலிருந்து அடிவரை உருட்டி உருட்டித் துடைத்து, மறுபடி குழாயில் விட்டு அரை நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். இந்தக் குலுக்கல் கழுவாத கையின் கொத்துகளையும் கொஞ்சம் உடைத்துவிடும். முன்பு சொன்ன ஏமாற்று பாதி குறையும். பிறகு ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்சால் 0.1 மி.லி. எடுத்துத் தட்டில் பரப்புங்கள். 47 காலனி வந்தால், குழாயில் இருந்தது அதன் நூறு மடங்கு, 4,700. 30-க்கும் 300-க்கும் இடைப்பட்ட எண்ணிக்கையே நம்பத் தக்கது. அதனால் இரண்டு மூன்று பேரை வைத்து முதலில் ஒரு வெள்ளோட்டம் விடுங்கள். ஐந்தாறுதான் முளைக்கிறதென்றால் சலைனை 2 மி.லி. ஆக்கி, எல்லோருக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அகர் கடற்பாசியிலிருந்து வருவது. சைனா கிராஸ் என்று இனிப்புக்கு வாங்குவதும் அதுவே. 1880-களில் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடம் ஜெலட்டினோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது, அங்கே பணியாற்றியவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே சொன்ன யோசனை இது. நம் ஊர் வெயிலில் ஜெலட்டின் தட்டு ஒருநாள்கூடத் தாங்காது. நியூட்ரியன்ட் அகர் பொடியை உறையில் சொன்ன அளவில் கரைத்து, மூடியைத் தளர்த்தி, பிரஷர் குக்கரில் முதல் விசிலுக்குப் பின் மெல்லிய தீயில் 20 நிமிடம் வைக்க வேண்டும். விசிலை எண்ணாதீர்கள், நிமிடத்தை எண்ணுங்கள்.

கூடவே மூன்று தட்டுகள் காவலுக்கு. ஒன்றில் எதுவும் இடாமல் அப்படியே வையுங்கள். ஒன்றில் கையைத் தொடாத குச்சியின் சலைன், இன்னொன்றில் கழுவப் பயன்பட்ட குழாய்த் தண்ணீர். முதலாவதில் முளைத்தால் குக்கரில் கோளாறு, இரண்டாவதில் என்றால் சலைனிலோ குச்சியிலோ. மூன்றாவதில் முளைத்தால் பழி மேல்நிலைத் தொட்டியின்மேல்.

37 டிகிரி இன்குபேட்டர் வேண்டாம். உடல் வெப்பம் நோய்க்கிருமிக்கே வசதி. பள்ளியில் இருப்பதிலேயே குளிர்ச்சியான அறையில், 25 முதல் 30 டிகிரியில், தட்டைக் கவிழ்த்து 48 மணி நேரம் வைத்தால் போதும். எண்ணுபவருக்கு எது யார் தட்டு என்று தெரியக்கூடாது. தட்டின் அடியில் குறியெண் மட்டும் இருக்கட்டும்.

பிறகு கணக்கு. ஒவ்வொருவருக்கும் கழுவிய பின் எண்ணிக்கையைக் கழுவும் முன் எண்ணிக்கையால் வகுங்கள். உதாரணத்துக்கு, சோப்புக் குழுவில் 0.3, 0.5, 0.6, 0.7, 0.9, 1.1, 1.4, 6 என்று வருவதாக வைப்போம். சராசரி 1.4-க்கு மேல், சோப்பு கிருமியைக் கூட்டியதாகத் தோன்றும். அந்த ஒற்றை 6 செய்த வேலை அது. வரிசையில் நடுவில் நிற்கும் 0.7, 0.9 இரண்டுக்கும் இடைப்பட்ட 0.8-ஐ எடுங்கள். இனிச் சும்மா நின்ற குழுவின் நடு எண்ணைப் பாருங்கள். அதுவும் 0.8 என்றால், இந்தச் சோதனையில் சோப்பு எதையும் செய்ததாகக் காட்ட முடியவில்லை என்று எழுதுங்கள். சோப்பு பயனற்றது என்று எழுதாதீர்கள். லண்டனில் தேடியது வந்து ஒட்டியவற்றை; இந்தத் தட்டு குடியிருப்பவற்றையும் சேர்த்தே எண்ணுகிறது. வைரஸ்களோ இதில் வளரவே வளராது.

தட்டுகளை நான்கு இடத்தில் டேப் ஒட்டி மூட வேண்டும். எண்ணும்போதும் திறக்கக்கூடாது, வீட்டில் செய்யவே கூடாது. முடிந்ததும் ஆசிரியரே அவற்றை டேப்போடு அழுத்தக் குக்கரில் 30 நிமிடம் வைத்துவிட்டுத்தான் குப்பைக்கு அனுப்ப வேண்டும். அந்தக் குக்கர் அதன்பின் சத்துணவுக் கூடத்துக்குத் திரும்பக்கூடாது.