"வீடு இன்னும் இருக்கா?"

வீட்டுத் தரகு அலுவலகத்துக்கு வரும் முதல் போன் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் தொடங்கும். விளம்பரத்தைப் பார்த்தவர் பெயரையோ வேறு எதையுமோ சொல்ல மாட்டார். "மடிப்பாக்கத்துல ரெண்டு பெட்ரூம், எண்பத்தஞ்சு லட்சம்னு போட்டிருக்கீங்களே, இன்னும் இருக்கா?" என்பார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணோ பையனோ "இருக்கு சார்" என்பார். அடுத்த கேள்வி, "கடைசியா என்ன விலை?" அதற்கும் ஏதோ ஒரு தொகை வாயிலிருந்து வந்துவிடும். "லொகேஷன் அனுப்புங்க." அதுவும் போய்விடும். பேச்சு ஒன்றரை நிமிடத்தில் முடிந்திருக்கும். அந்தப் பக்கம் பேசியவர் யார் என்றே அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அவர் நேரே போய் வாட்ச்மேனிடம் உரிமையாளரின் நம்பரை வாங்கியிருக்கலாம். பக்கத்துத் தெருத் தரகராகவும் இருந்திருக்கலாம்.

இதைத் தடுக்கத்தான் விவரமான ஏஜென்சிகள் புது ஆட்களுக்கு ஒரு பேச்சுக் குறிப்பு எழுதிக் கொடுத்துப் பயிற்சி தருகின்றன. வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற குறிப்பு பயன்படாது. கேட்பவருக்கு மூன்றாவது வரியிலேயே அது தெரிந்துவிடும், போனை வைத்துவிடுவார். நல்ல குறிப்பில் மூன்று விஷயங்கள் இருந்தால் போதும்: எதைக் கேட்பது, எதைச் சொல்வது, எதைச் சொல்லக் கூடாது. முதல் போனின் வேலை வீட்டை விற்பதல்ல. இவர் நேரில் வந்து பார்ப்பதில் பொருள் உண்டா என்று இரு தரப்பும் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மடிப்பாக்கம் வீட்டையே எடுத்துக்கொள்வோம். அடுக்குமாடியில் பழைய வீடு, மறுவிற்பனை. "இருக்கு சார். என் பேர் கவிதா. நீங்க யார் பேசறீங்கன்னு சொன்னா விவரமா சொல்லிடறேன்" என்று ஆரம்பிப்பது சரியான ஆரம்பம். கேட்டதற்குப் பதில் முதலில் வந்துவிடுகிறது, பெயர் கேட்பது அதன் பின்னால்தான் வருகிறது. பதிலைச் சொல்லாமல் பெயர், நம்பர், பட்ஜெட் என்று அடுக்கினால் எதிரே இருப்பவருக்கு விசாரணைக் கூண்டில் நிற்பது போலிருக்கும்.

அடுத்து, வீடு குடியிருக்கவா, வாடகைக்கு விடவா, எப்போது தேவை, வீட்டில் வேறு யார் பார்த்து முடிவு சொல்ல வேண்டும் என்பவை. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கணவர் வந்து பார்த்துவிட்டுப் போவார், பிறகு மனைவி, அதன் பிறகு வாஸ்து பார்க்க மாமனார் என்று ஒரே வீட்டுக்கு மூன்று நடை ஆகும். "ஞாயித்துக்கிழமை காலைல எல்லாரும் சேர்ந்தே வந்துடறீங்களா?" என்று போனிலேயே கேட்டுவிட்டால் எல்லோருக்கும் மிச்சம்.

பணம் பற்றிய கேள்விதான் புதியவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் பட்ஜெட் என்ன என்று மட்டும் கேட்டால் போதாது. லோன் போக கையில் எவ்வளவு வைத்திருக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கு இதோ. ரிசர்வ் வங்கி விதிப்படி முப்பது லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 85 லட்சம் வீட்டுக்கு அதிகபட்சம் 68 லட்சம் கிடைக்கும். மீதி 17 லட்சம் சொந்தப் பணம். தமிழ்நாட்டில் மறுவிற்பனைக் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்கும் பத்திரம் பதிந்தால் இது 7 லட்சத்து 65 ஆயிரம். இதற்கு வங்கி பொதுவாகக் கடன் தராது. தரகு ஒரு சதவீதம் என்று வைத்தால் 85 ஆயிரம். ஆக, கையில் இருபத்தைந்தரை லட்சம் இல்லாதவர் இந்த வீட்டை வாங்க முடியாது. பதினைந்து லட்சத்தோடு வருகிறவரிடம் இதைப் போனிலேயே பக்குவமாகச் சொல்லி, அவர் கைக்கு எட்டும் வேறு வீட்டைக் காட்டலாம். இல்லாவிட்டால் அட்வான்ஸ் கொடுத்தபின் பதிவு நாளில் சண்டை வரும்.

"கடைசி விலை" கேள்விக்குப் பதில் ஒன்றுதான்: "போட்டிருக்கிற விலை ஓனர் சொன்ன விலை சார். வீட்டைப் பாருங்க, பிடிச்சிருந்தா உங்க விலையைச் சொல்லுங்க, நான் அவர்கிட்ட பேசறேன்." எண்பதுக்கு முடியும் என்று உரிமையாளர் காதோடு சொல்லியிருந்தாலும் அதைப் போனில் விடக் கூடாது. அது அவர் நம்பிச் சொன்னது. லொகேஷன் விஷயமும் இதே. தெரு, அடையாளம், பேருந்து நிறுத்தத்திலிருந்து தூரம் இவற்றைச் சொல்லலாம். கதவு எண்ணை, பார்க்கும் நேரம் முடிவான பிறகு, அதுவும் பேசியவரின் நம்பரைக் குறித்துக்கொண்ட பிறகு அனுப்பலாம்.

பரப்பளவைப் பற்றிக் கேட்டால்தான் பலர் சறுக்குகிறார்கள். விளம்பரத்தில் 1,100 சதுர அடி என்று இருக்கும். படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா இவற்றில் ஒரு பங்கைச் சேர்த்த கணக்கு அது. உள்ளே பயன்படுத்தும் கார்பெட் ஏரியா அதைவிடக் கணிசமாகக் குறையும். ரியல் எஸ்டேட் சட்டத்தின் விளக்கப்படி உட்சுவர்கள் இதில் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. மனையில் பிரிபடாத பங்கு, அதாவது யுடிஎஸ், மூன்றாவது எண். மூன்றையும் தனித்தனியாகச் சொல்லத் தெரிய வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் கேட்பவர் அதையே அறையின் அளவு என்று எடுத்துக்கொண்டு வந்து ஏமாறுவார்.

இனி மழை. தென்சென்னையில் வீடு வாங்குபவர் யாரும் இதைக் கேட்காமல் விடுவதில்லை. "தண்ணி நிக்குமா?" 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர். "அதெல்லாம் நிக்காது சார்" என்பது பயிற்சி இல்லாதவரின் பதில். வந்து பார்க்கிறவர் எதிர்வீட்டு மாமியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும், அதோடு மற்ற பேச்சும் பொய்யாகிவிடும். நல்ல குறிப்பில் இருக்கும் பதில்: "கார் பார்க்கிங்ல 2023-ல தண்ணி வந்துச்சு, வீடு ரெண்டாவது மாடி." இது தெரியாவிட்டால், "எனக்குத் தெரியல சார், ஓனர்கிட்ட கேட்டுட்டு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கூப்பிடறேன்." அந்த ஐந்து மணியைத் தவறவிடக் கூடாது. என்னைக் கேட்டால், குறிப்பின் மொத்த மதிப்பும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல முதலாளி அனுமதித்திருந்தால்தான் புது ஆள் பொய் சொல்லாமல் இருப்பார். பல அலுவலகங்களில் அந்த அனுமதி இல்லை.

"டாக்குமெண்ட் எல்லாம் கிளியரா?" என்று கேட்டால் "கிளியர்" என்று சொல்ல தரகருக்கே தகுதியில்லை, புது ஆளுக்கு எங்கிருந்து வரும்? தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, திட்ட அனுமதி ஆகியவற்றின் நகல் கையில் இருக்கிறதா என்று மட்டும் சொல்லலாம். பார்க்க வரும்போது கொடுத்துவிட்டு, "உங்க வக்கீல்கிட்ட காட்டுங்க" என்பதே நேர்மை. லோன் கண்டிப்பாகக் கிடைக்கும், மெட்ரோ அடுத்த வருஷம் வந்துவிடும் என்பவையும் இந்தத் தடைப் பட்டியலில்தான். மடிப்பாக்கம் வழியாக மெட்ரோ பாதை வேலை நடக்கிறது என்பது வரை உண்மை, அதற்கு மேல் சொல்லக் கூடாது.

இதற்கெல்லாம் பின்னால் ஒரு தாள் இருக்க வேண்டும். மூன்று பரப்பளவு, மாடி, பராமரிப்புக் கட்டணம், கார் நிறுத்துமிடம், தண்ணீர், மழை, ஆவண நகல், உரிமையாளரைக் கூப்பிடக்கூடிய நேரம் எல்லாம் அதில் எழுதப்பட்டு போன் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் எவ்வளவு இனிமையாகப் பேசப் பழக்கினாலும் வீண்.

வீடு தேடுகிறவர் அடுத்த முறை விளம்பர நம்பருக்குப் போன் செய்யும்போது விலைக்கு முன்னால் கார்பெட் ஏரியா எவ்வளவு, யுடிஎஸ் எவ்வளவு, கடந்த வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்காவது "கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, சொன்ன நேரத்துக்குத் திருப்பிக் கூப்பிடுகிற அலுவலகம் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.