இரண்டாம் மொழியாகத் தமிழ் பேசுவோருக்கான உரையாக்கம்: சொல்தேர்வும் தொடரளவும் (கல்பாக்கம் சூழலை முன்வைத்து)

முன்னுரை

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் அமைந்த கல்பாக்கம் பன்மொழிச் சூழல் கொண்ட ஊராகும். 1971இல் அணு ஆராய்ச்சி மையம் தொடங்கப்பெற்றதும், 1980களில் சென்னை அணுமின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து பணியாளர் குடும்பங்களை இவ்வூருக்குக் கொண்டுவந்தன. நகரியத்துக்குள் ஆங்கிலமோ இந்தியோ போதும். ஆனால் புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், வெங்கப்பாக்கம் போன்ற அண்டை ஊர் மக்களிடம் பேசும்போது தமிழே வேண்டும். அணுமின் நிலையத்தைச் சுற்றிய 16 கிலோமீட்டர் பரப்பு அவசரநிலைத் திட்டத்துக்குரிய பகுதியாகக் கொள்ளப்பட்டு வந்துள்ளது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கிய கரையும் இதுவே. எனவே இங்குத் தமிழைக் கற்றுப் பேசுபவரின் ஒரு சொல் பிழையாகக் கேட்கப்படுவது வெறும் உச்சரிப்புச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை.

அத்தகைய பேச்சாளருக்கு உரை எழுதித் தருபவர் 'எளிய சொற்களை எழுதினால் போதும்' என்று கருதுவது வழக்கம். எளிமை என்பது சொல்லில் மட்டும் இல்லை. பேசுபவரின் தாய்மொழிக்கும் அச்சொல்லுக்கும் உள்ள உறவில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவரை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இது விளக்கப்படுகிறது.

தாய்மொழியும் உச்சரிப்பு மாற்றமும்

'தமிழ்' என்னும் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். இந்தியில் அது 'தமில்' என வழங்குகிறது. தெலுங்கில் 'தமிளம்' ஆகிறது. மலையாளத்தில் ழகரம் மாறாமல் நிற்கிறது. தொல்காப்பியப் பிறப்பியல், நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடுவதால் பிறக்கும் ஒலிகளாக ரகரத்தையும் ழகரத்தையும் ஒருங்கே வைக்கிறது. அம்முயற்சிக்குப் பழகாத நா, தன் மொழியில் உள்ள அண்மை ஒலியை நாடுகிறது. இந்தி பேசுவோர் பெரும்பாலும் லகரத்தையும், தெலுங்கு பேசுவோர் ளகரத்தையும் நாடுகின்றனர்.

இவ்வேறுபாட்டின் விளைவை 'மழை' என்னும் சொல்லில் காணலாம். தெலுங்கர் 'மளை' என்றால் கேட்பவர் சிறு அயன்மையை உணர்வாரேயன்றிப் பொருளை இழக்கமாட்டார். ஏனெனில் வழக்கில் 'மளை' என வேறு சொல் இல்லை. இந்தி பேசுபவர் 'மலை' என்றால் அங்கு மற்றொரு தமிழ்ச்சொல் வந்து நிற்கிறது. ஆகவே ஒரே சொல் ஒருவருக்கு எளியதாகவும் மற்றவருக்கு இடர் தருவதாகவும் அமைகிறது.

இந்தி பேசுவோரிடம் வேறு இரண்டு மாற்றங்களும் கருதத்தக்கன. ஒன்று, இந்தியில் எகர ஒகரக் குறில்கள் தனி ஒலியன்களாக இல்லாமையால் அவை நெடிலாக ஒலிக்கும். 'பொது' 'போது' ஆகும். மற்றொன்று, இந்திச் சொல்லின் இறுதி அகரம் ஒலிக்கப்படுவதில்லை. தேவநாகரியில் எழுதித் தரப்பட்ட 'வர வேண்டாம்' என்பதை அவர் 'வர் வேண்டாம்' என்றே படிக்கக்கூடும்.

பிழையின் மூவகை

உச்சரிப்புப் பிழைகள் அனைத்தையும் களைய முற்பட்டால் உரை சொல்வறுமை அடையும், பேசுபவரும் அஞ்சுவார். எனவே பிழையை அதன் விளைவு கொண்டு மூன்றாக வகுத்தல் தகும்.

முதல்வகை, பொருளைக் கெடுக்காத பிழை. 'மூடுங்கள்' என்பது 'மூடுங்கல்' என ஒலித்தாலும், 'கொடுங்கள்' என்பது 'கோடுங்கள்' என ஒலித்தாலும் கேட்பவர் ஏவலை உணர்ந்துகொள்வார். இவற்றை விட்டுவிடலாம்.

இரண்டாம் வகை, கேட்பவரைத் தயங்கவைக்கும் பிழை. 'வாழ்கின்ற' என்பது 'வால்கின்ற' என வந்தால் பொருள் முற்றிலும் மாறுவதில்லை. ஆனால் கேட்பவர் அச்சொல்லை மீட்டுக்கொள்வதற்குள் அடுத்த இரு சொற்கள் கடந்துவிடும்.

மூன்றாம் வகை, வேறொரு சொல்லாகவே மாறும் பிழை. 'வழி' 'வலி' ஆவதும், 'அழை' 'அலை' ஆவதும் இவ்வகையின. சொல்தேர்வின் முதற்பணி இவ்வகையை நீக்குவதே. மாற்றுச்சொல் இருப்பின் மாற்றலாம். 'வழி' என்பதற்குப் பல இடங்களில் 'பாதை' பொருந்தும். 'மழை' போல மாற்றுச்சொல் இயல்பாக இல்லாதவிடத்து உடன்வரும் வினையைத் தேர்ந்தெடுக்கலாம். 'மழை வருகிறது' என்பது 'மலை வருகிறது' எனக் கேட்டால் ஐயம் எழும். 'மழை பெய்கிறது' என்பதில் 'பெய்' என்னும் வினை மழையையன்றி மலையை ஏற்காது. ஆதலால் பிழையான ஒலியையும் கேட்பவரே திருத்திக்கொள்வார்.

தொடரளவு

தமிழில் முற்றுவினை தொடரின் இறுதியில் வருவது இயல்பு. எச்சங்களை அடுக்கி எழுதும் அலுவலக உரைநடையில், 'என்ன செய்ய வேண்டும்' என்னும் செய்தி கடைசிச் சொல்வரை காத்திருக்கிறது. தாய்மொழியாளர் இடையில் மூச்சு வாங்கினாலும் ஏற்ற இறக்கத்தால் தொடரைத் தாங்கிச் செல்வார். இரண்டாம் மொழியாளர் நடுவில் இடறினால் அதுவரை சொன்னவை யாவும் முடிவுபெறாத எச்சங்களாகவே நிற்கும். எனவே ஒரு தொடருக்கு ஒரு முற்றுவினை என்பது பொருத்தமான அளவாகும்.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. நிபந்தனைத் தொடரைப் பிரித்தல் கூடாது. 'சைரன் ஒலித்தால் உள்ளே செல்லுங்கள்' என்பதை இரண்டாக்கி 'சைரன் ஒலிக்கும். உள்ளே செல்லுங்கள்' என எழுதினால், இப்போதே செல்லவேண்டும் என்று பொருள்படும். செயல்களின் வரிசை முக்கியமாயின், எச்சம் உணர்த்திய முன்பின் உறவை 'முதலில்', 'அடுத்து' போன்ற சொற்களால் ஈடுசெய்ய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

அண்டை ஊரொன்றின் விழிப்புணர்வுக் கூட்டத்தில் இந்தி பேசும் பொறியாளர் ஒருவர் தமிழில் பேசுவதாகக் கொள்வோம். கீழ்வரும் பகுதி இக்கட்டுரைக்காக அமைக்கப்பட்டது. அலுவல் அறிவிப்பு அன்று.

"கடலோரக் குடியிருப்புகளில் வாழ்கின்ற பொதுமக்கள் அபாயச் சங்கொலி எழுப்பப்பட்டவுடன் தத்தம் இல்லங்களுக்குள் விரைந்து சென்று கதவுகளையும் சாளரங்களையும் தாழிட்டு மறு அறிவிப்பு வெளியாகும்வரை வெளியேறாமலும் திறந்தவெளிக் கிணற்று நீரைப் பருகாமலும் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

24 சொற்கள் கொண்ட இத்தொடருக்கு ஒரே முற்றுவினை. அதுவும் ஒன்பது அசை நீளமுடையது. ழகரம் மூன்று சொற்களில் வருகிறது; அவற்றுள் 'தாழிட்டு' என்பது 'தாலிட்டு' எனக் கேட்கும்போது 'தாலி' நினைவுக்கு வரும். 'வெளியேறாமலும்', 'பருகாமலும்' என்னும் இரு விலக்குகளும் சொல்லின் நடுவே ஒற்றை ஆகாரத்தில் ஒடுங்கியுள்ளன. விலக்கு கேட்கப்படாமற்போனால் அறிவுரையே தலைகீழாகிவிடும்.

முதல் திருத்தம் பின்வருமாறு அமையலாம்:

"சைரன் சத்தம் கேட்டால் உடனே வீட்டுக்குப் போங்கள். கதவை மூடுங்கள். ஜன்னலை மூடுங்கள். வெளியே வரக்கூடாது. கிணத்துத் தண்ணீர் குடிக்கக்கூடாது. அடுத்த தகவல் சொல்வோம். அதுவரை வீட்டிலேயே இருங்கள்."

இதில் ழகரம் இல்லை. 'சைரன்' பேசுபவர், கேட்பவர் இருவருக்கும் பழகிய சொல். 'கிணற்று' என்பதன் றகர இரட்டை 'ர்ர' என ஒலிக்கும் வாய்ப்பு இருப்பதால், கேட்பவர் நாவில் ஏற்கெனவே வழங்கும் 'கிணத்து' என்னும் பேச்சு வடிவம் கொள்ளப்பட்டது. விலக்கு 'கூடாது' என ஓசையோடு தொடரிறுதியில் நிற்கிறது. 'வர வேண்டாம்' என்பதை விட 'வரக்கூடாது' என்பது இங்குப் பொருத்தம். இரட்டை மெய்க்கு முன்னுள்ள அகரத்தை இந்தி பேசுவோர் விடுவதில்லை. இதன் கண்டிப்பான தொனி பாதுகாப்பு அறிவுரைக்கு ஏற்றது, வேண்டுகோளுக்கு ஏலாது.

எனினும் இத்திருத்தத்தில் ஓர் இடர் எஞ்சியுள்ளது. 'வெளியே' என்பதில் எகரம் நீண்டு ளகரம் லகரமானால் 'வேலியே' எனக் கேட்கும். தனித்தனியே பொருள் கெடுக்காத இரு மாற்றங்கள் ஒரு சொல்லில் கூடும்போது வேறு சொல்லாகிவிடுகின்றன. இது தாளில் படிக்கும்போது எளிதில் புலப்படாது. ஆகவே அத்தொடரை 'வாசலைத் தாண்டக்கூடாது' என மாற்றுவது நலம்.

எழுதித்தரும் முறையும் சோதனையும்

பேச்சாளர் எவ்வெழுத்தில் படிக்கிறார் என்பதும் கருதற்பாலது. ரோமன் எழுத்தில் ல, ள இரண்டும் பெரும்பாலும் ஒரே குறியாகின்றன; ழகரமும் சில வேளை அக்குறியையே பெறுகிறது. தேவநாகரியில் தமிழெழுத்துக்கு எழுத்தாக மாற்றினால், 'கதவை' என்பதன் தகரம் வல்லொலியாகவே படிக்கப்படும். தமிழ் எழுத்தைப் பின்பற்றாமல் ஒலியைப் பின்பற்றி, அங்கு மென்மையான ஒலிப்புடைய தகர எழுத்தை எழுதித் தருதல் வேண்டும்.

மாற்றவியலாதவை ஊர்ப்பெயர்களும் எண்களும். 'திருக்கழுக்குன்றம்' என்னும் பெயரைத் தொடரின் முதலில் வைத்து, 'திருக் - கழுக் - குன்றம்' எனப் பிரித்து எழுதி, பின்னே 'ஊர்' என்னும் சொல்லைச் சேர்க்கலாம். பன்னாட்டு விமானத் தொடர்பில் மூன்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 'ட்ரீ' எனவும், ஐந்தை 'ஃபைஃப்' எனவும், ஒன்பதை 'நைனர்' எனவும் ஒலிக்கும் மரபு, பல மொழியினரும் பிழையின்றிக் கேட்பதற்காக எண்ணின் உச்சரிப்பையே வரையறுத்ததற்குச் சான்று. தமிழில் அத்தகைய மரபு இன்மையால், 'ஏழு', 'எழுபது' போன்றவற்றை இருமுறை சொல்லுதலும் விரலாலோ பலகையிலோ காட்டுதலும் வேண்டும்.

உரை பயன்படுமா என்பதை அறிய, 'புரிகிறதா?' என்று கேட்பது போதாது. மரியாதை கருதிப் பெரும்பாலோர் 'புரிகிறது' என்பர். உரையை முன்பு பார்த்திராத உள்ளூர்வாசி ஒருவர், பேச்சாளர் படிக்கப் படிக்கத் தாம் கேட்டதை எழுத வேண்டும். மூல உரையிலிருந்து வேறுபடும் சொற்களே மாற்றத்துக்குரியவை.

முடிபுகள்

இரண்டாம் மொழியாளருக்கான சொல்தேர்வு அவர் தாய்மொழியை அறிந்த பின்னரே தொடங்க வேண்டும். வேறு சொல்லாக மாறும் பிழைகளே முதலில் நீக்கத்தக்கன. மாற்றுச்சொல் இல்லையெனில் உடன்வரும் வினை துணைசெய்யும். தொடருக்கு ஒரு முற்றுவினை போதும், நிபந்தனையைப் பிரிக்கலாகாது. ஒரு சொல்லில் இரு மாற்றங்கள் கூடும் இடங்களைக் காதால் கேட்டே கண்டறிய இயலும். இந்தி பேசுவோருக்கென ஈண்டு அமைத்த உரை தெலுங்கரின் நாவுக்கு ஏற்றதா என்பது மீண்டும் சோதித்தற்குரியது. அவருக்கு 'வெளியே' என்பதை மாற்றவேண்டிய தேவையே எழாது.