பால் காய்ச்சிய நேரத்தில் வராதவன் எழுதும் செய்தி

ஜி.எஸ்.டி. சாலையில் ஃபோர்டு கார் ஆலை 2022 வரை ஓடிய ஊர் மறைமலை நகர். இங்கே வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருக்கும் பலருக்கு இப்போது வேலை ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இருக்கிறது. கம்பெனி பஸ் சிங்கப்பெருமாள் கோவிலில் திரும்பி அவர்களை ஏற்றிப் போகிறது. ஏ, பி, சி என்று வாரம் தோறும் மாறும் ஷிஃப்டில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு சங்கடம் அடிக்கடி நேர்கிறது. நண்பன் வீட்டு விசேஷம் வரும், வருகிறேன் என்று சொல்லியிருப்பார்கள், போக முடியாது. மறுநாள் கைப்பேசியை எடுத்து ஏதாவது எழுத வேண்டும். மனசில் இருப்பதோ ‘ஸாரி சொல்லணும்’ என்ற மங்கலான நினைப்பு மட்டும். அந்த நினைப்பு ஒரு நல்ல செய்தியாக எப்படி மாறுகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

இந்த வட்டாரத்தில் எளிதாக நடக்கக்கூடிய ஒரு நிலைமையை வைத்துக்கொள்வோம். இருவர் ஐ.டி.ஐ. முடித்து அப்ரென்டிஸாகச் சேர்ந்த காலத்திலிருந்து ஒரே அறையில் தங்கியவர்கள். ஒருவன் கடன் வாங்கி, சின்னதாக ஒரு வீடு கட்டிவிட்டான். புதுமனை புகுவிழா. முகூர்த்தம் விடியற்காலை நாலரை முதல் ஆறு. மற்றவனுக்கு அந்த வாரம் நைட் ஷிஃப்ட், இரவு பத்து முதல் காலை ஆறு வரை. “நாலு மணிக்கு பெர்மிஷன் போட்டுட்டு வந்துடறேன், நீ பால் காய்ச்சும்போது பக்கத்துல நிப்பேன்” என்று சொல்லியிருந்தான். போகவில்லை. அறைக்கு வந்து படுத்தவன் மதியம் எழுந்து பார்த்தால் நண்பனிடமிருந்து மூன்று தவறிய அழைப்புகள். 4.20, 4.50, 5.15. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வாட்ஸப் ஸ்டேட்டஸில் விசேஷப் படங்கள் வந்திருக்கின்றன. அவற்றை இவன் பார்த்ததும் நண்பனுக்குத் தெரியும்.

கை தானாக எழுதுவது இதுதான்: “ஸாரிடா மச்சான், வர முடியல. ஷிஃப்ட் விடல. தப்பா எடுத்துக்காத.”

இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் எந்த விசேஷத்துக்கும், எந்த நண்பனுக்கும், எந்த வருஷத்திலும் இதை அனுப்பலாம். இந்த விடியற்காலைக்கு உரியது என்று இதில் ஒரு சொல்கூட இல்லை. போதாததற்கு, மூன்றாவது வாக்கியம் வேலையை நண்பன் தலையில் வைக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கவேண்டிய பொறுப்பு இப்போது அவனுடையது.

மன்னிப்புக் கேட்பதில் எந்தப் பகுதி எவ்வளவு பயன் தருகிறது என்பதை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய் லெவிக்கியும் அவருடைய சகாக்களும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு மன்னிப்பை ஆறு கூறுகளாகப் பிரித்தது. வருத்தத்தைச் சொல்வது, என்ன நடந்தது என்று விளக்குவது, தவறு என்னுடையது என்று ஒப்புக்கொள்வது, இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்பது, சரிசெய்ய முன்வருவது, மன்னித்துவிடு என்று கேட்பது. இரண்டு சோதனைகளில் 755 பேர் பங்கெடுத்தார்கள். மிக அதிகப் பயன் தந்தது தவறை ஒப்புக்கொள்வது. அடுத்தது சரிசெய்ய முன்வருவது. கடைசி இடத்தில் இருந்தது மன்னித்துவிடு என்று கேட்பது. இந்த முடிவை அப்படியே நட்புக்குப் பொருத்திவிடக் கூடாது. அந்தச் சோதனையில் மன்னிப்புக் கேட்டவர், பழைய வேலையில் வரிக் கணக்கைத் தவறாகத் தாக்கல் செய்த ஒரு வேலை தேடுநர். அவரை மதிப்பிட்டவர்களுக்கும் அவருக்கும் எந்தப் பழக்கமும் கிடையாது. ஐந்து வருஷம் ஒரே அறையில் கிடந்தவர்கள் கணக்கு வேறு. ஆனாலும் வரிசையில் முதலில் வந்த கூறு நட்பில் இன்னும் அதிகமாகவே எடுபடும் என்பது என் கருத்து. நம்மை நன்றாக அறிந்தவர்களுக்குத்தான் நாம் எங்கே நழுவுகிறோம் என்பது சட்டென்று தெரியும்.

அப்படியானால் எது தவறு? இந்தக் கேள்வியில்தான் பெரும்பாலான செய்திகள் தடுக்கி விழுகின்றன. ‘போகாததுதான் தவறு’ என்று உடனே தோன்றும். ஆனால் ரிலீவர் வராமல் லைனை விட்டு யாரும் நகர முடியாது என்பது இந்த நண்பனுக்கும் தெரியும், அவனும் அதே தொழிலில் இருப்பவன். போகாததை மட்டும் தவறாகச் சொன்னால், ஷிஃப்ட் என்ற காரணம் அதை ஒரே அடியில் அழித்துவிடும். மிச்சம் ஒன்றும் இருக்காது. ஆனால் நண்பனுக்கு ஏதோ மிச்சம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு ஒரு வழி, அந்த இரவை மணிக்கணக்கில் எழுதிப் பார்ப்பது. அனுப்புவதற்கு அல்ல, தனக்காக. பத்து மணிக்கு உள்ளே போகிறான், கைப்பேசி லாக்கரில். இரண்டு மணிக்கு சூப்பர்வைசர் வந்து, நாலு மணிக்கு வரவேண்டிய ரிலீவர் வரமாட்டார், பெர்மிஷன் கிடையாது என்கிறார். இரண்டரைக்கு பிரேக். கேன்டீனில் டீ. லாக்கர் கேன்டீனுக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. எப்படிச் சொல்வது என்று தயங்கி, ஒருவேளை மூன்று மணிக்குள் யாராவது வந்துவிடலாம் என்று நினைத்து, எடுக்காமல் திரும்பிவிடுகிறான். ஆறு மணிக்கு வெளியே வந்தவன் சார்ஜ் தீர்ந்த கைப்பேசியோடு பஸ்ஸில் தூங்கிப் போகிறான்.

இப்படி எழுதிப் பார்த்தால் இடம் தெரிகிறது. வர முடியாது என்பது அவனுக்கு இரண்டு மணிக்கே தெரிந்துவிட்டது. நண்பனுக்குத் தெரிந்தது ஐந்தே காலுக்கு மேல், அதுவும் தானாக ஊகித்து. இடைப்பட்ட மூன்று மணி நேரமும் நண்பன் காத்திருந்தான். இரண்டரை மணிக்கு ஒரு வரி வந்திருந்தால் மனசு வாடியிருக்கும், ஆனால் அடுப்பின் முன்னால் நின்றுகொண்டு வாசலைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. தவறு அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஷிஃப்டால் அதை அழிக்க முடியாது. ஆகவே செய்தியின் நடுவில் நிற்கவேண்டியதும் அதுதான்.

இதைக் கண்டுபிடித்த பிறகும் இரண்டு பக்கமும் சறுக்கல் உண்டு. ஒன்று, விளக்கம் பெருத்துப்போவது. ரிலீவர் யார், சூப்பர்வைசர் என்ன சொன்னார், அந்த வாரம் எத்தனை பேர் லீவு என்று எட்டு வரி போகும். விளக்கம் தவறை ஒப்புக்கொள்ளும் வரியைவிட நீளமாக இருந்தால், படிப்பவர் அதை வாதமாகவே எடுத்துக்கொள்வார். மற்றொன்று, தன்னைத் தானே அடித்துக்கொள்வது. “நான்லாம் ஒரு ஃபிரெண்டே இல்லடா, எனக்கு உன் மூஞ்சில முழிக்கவே தகுதி இல்ல” என்று எழுதினால், நண்பன் இவனைத் தேற்ற வேண்டியதாகிறது. விசேஷ வீட்டுக்காரனுக்கு அந்த வேலையையும் கொடுக்கக் கூடாது. கூடவே, அவன் மனசில் என்ன ஓடியது என்று இவன் எழுதாமல் இருப்பதும் நல்லது. ‘நீ ரொம்ப வருத்தப்பட்டிருப்ப’ என்பது ஊகம். ‘நீ மூணு தடவை கூப்பிட்டிருக்க’ என்பது நடந்தது. நடந்ததைச் சொன்னாலே போதும், மீதியை அவன் அறிவான்.

எல்லாம் சேர்த்தால் செய்தி இப்படி வரும்:

“டேய், நீ பால் காய்ச்சும்போது பக்கத்துல நிப்பேன்னு சொன்னவன் நான். நிக்கல. ரிலீவர் வரமாட்டாருன்னு ராத்திரி ரெண்டு மணிக்கே தெரிஞ்சுபோச்சு. பிரேக்ல போனை எடுத்து உனக்கு ஒரு வரி போட்டிருக்கணும், போடல. நீ மூணு தடவை கூப்பிட்டிருக்க. என் தப்புதான், ஸாரிடா. வியாழக்கிழமை எனக்கு வீக் ஆஃப். வீட்டுக்கு வந்து அம்மாவையும் பாத்துட்டுப் போறேன். உனக்கு ஏ ஷிஃப்ட்னா சாயங்காலமா வரேன்.”

ஷிஃப்ட் இதில் ஒரே ஒரு வாக்கியம், அதுவும் இவன் பக்கம் பேசாமல் இவனுக்கு எதிராகவே பேசுகிறது. ‘ஸாரி’ தொடக்கத்தில் இல்லை, எதற்கு ஸாரி என்று சொல்லி முடித்த பிறகு வருகிறது. ‘மன்னிச்சிட்டேன்னு சொல்லு’ என்று கேட்கவில்லை. நண்பன் இரண்டு நாள் பேசாமல் இருக்க விரும்பினால் அதற்கும் இடம் இருக்கிறது.

எப்போது அனுப்புவது என்பதும் முக்கியம். சிந்தியா ஃபிரான்ட்ஸும் கோர்ட்னி பெனிக்ஸனும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், சச்சரவின் தொடக்கத்திலேயே வரும் மன்னிப்பைவிடச் சற்றுத் தாமதித்து வரும் மன்னிப்பு அதிக நிறைவு தந்தது. பாதிக்கப்பட்டவர் தன் மனக்குறையைச் சொல்லி, அது கேட்கப்பட்டது என்று உணர அந்த இடைவெளி உதவியது என்பது அவர்கள் தரும் காரணம். நம் ஆள் இதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் காத்திருக்கக் கூடாது. அவன் தவறே சொல்லாமல் விட்டதுதான், மேலும் தாமதித்தால் அதே தவறு நீளும். எழுந்த மதியமே அனுப்ப வேண்டும். அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது, செய்தி போனதும் விஷயம் முடிந்துவிடாது என்பதுதான். “வீட்ல எல்லாரும் கேட்டாங்கடா, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல” என்று பதில் வந்தால், அப்போது ரிலீவர் கதைக்குத் திரும்பினால் எழுதியது எல்லாம் வீண். “ஆமாடா, உன்னைப் பதில் சொல்ல வச்சிட்டேன்” என்று நிறுத்திக்கொள்ளலாம். “பரவால்ல விடு” என்று மட்டும் வந்தால் கோபம் தணிந்ததா என்று சொல்ல முடியாது. அடுத்த வரியில் அவன் வீட்டைப் பற்றியோ வியாழக்கிழமையைப் பற்றியோ தானாக ஏதாவது சொன்னால் தணிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மொய்ப் பணத்தை முதலில் ஜிபேயில் தட்டிவிட்டுப் பிறகு செய்தி எழுதும் பழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது. இது எனக்கு உவப்பில்லை. வார்த்தைக்கு முன்னால் பணம் போய்ச் சேர்ந்தால் கணக்கைத் தீர்த்துவிட்டது போல ஆகிவிடும். மொய் வியாழக்கிழமை கையிலேயே போகட்டும். பழைய அறை நண்பர்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸப் குழுவில் மன்னிப்பைப் போடுவதும் அப்படித்தான். அங்கே நண்பன் எல்லார் முன்னாலும் பெருந்தன்மை காட்டியே ஆக வேண்டும், கோபப்பட வழியில்லை.

தவறவிட்டது சாவு என்றால் எவ்வளவு நல்ல செய்தியும் போதாது. அதற்கு நம் வழக்கத்திலேயே வழி இருக்கிறது, பிறகொரு நாள் நேரில் போய்த் துக்கம் விசாரிப்பது. செய்தி அங்கே என்றைக்கு வருகிறேன் என்று சொல்வதற்கு மட்டும்.

சரிசெய்ய முன்வரும் வரியை எழுதும்போது ஒரு எச்சரிக்கை. இந்தப் பகுதி ஆலைகளில் ஆர்டர் கூடினால் வீக் ஆஃப் ஓ.டி.யாக மாறுவது சாதாரணம். அதனால் ‘வியாழக்கிழமை கண்டிப்பா’ என்ற சொல்லைச் செய்தியில் சேர்க்கவில்லை. மாறினால், மாறியது தெரிந்த அடுத்த பிரேக்கிலேயே லாக்கரைத் திறந்து நண்பனுக்கு ஒரு வரி போட வேண்டும், எந்த நாளுக்கு மாறியிருக்கிறது என்பதோடு.