கடிதத்தின் கடைசி வரி

வேலை கோரி எழுதப்படும் ஆங்கிலக் கடிதங்களில் பல, 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்ற வாக்கியத்துடன் முடிகின்றன. தங்களைச் சந்திக்க ஆவலுடன் காத்திருக்கிறேன் என்பதே எழுதியவர் சொல்ல விரும்பியது. பொருள் விளங்கிவிடுகிறது, ஆனால், வாக்கியம் பிழையானது. 'லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்றே எழுத வேண்டும். கையொப்பத்துக்கு நேர் மேலே, படிப்பவரின் கண் கடைசியாகப் படும் இடத்தில் இந்தப் பிழை அமர்ந்துவிடுவதுதான் சங்கடம்.

'டு' வந்தால் அதன்பின் வினைச்சொல்லின் முதல் வடிவம்தானே வர வேண்டும், பள்ளியில் அப்படித்தானே கற்றோம் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அவர்கள் கற்றது பாதி விதி. ஆங்கிலத்தில் 'டு' என்ற ஒரே வடிவத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. 'ஐ வான்ட் டு மீட் யூ' என்பதில் அது வினையோடு ஒட்டி நின்று, நம் 'சந்திக்க' என்ற வினையெச்சத்தின் வேலையைச் செய்கிறது. 'ஐ வென்ட் டு தி மார்க்கெட்' என்பதில் அது முன்னிடைச்சொல். ஏறத்தாழ நம் நான்காம் வேற்றுமை உருபான 'கு' செய்யும் வேலை அதற்கு. வேற்றுமை உருபு பெயரைத்தானே ஏற்கும்? 'சந்திப்புக்கு' என்போம்; 'சந்திக்கக்கு' என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கில முன்னிடைச்சொல்லும் அப்படியே. அதன்பின் வினை வர வேண்டுமானால் அது 'இங்' சேர்ந்து தொழிற்பெயராக மாறியே வர வேண்டும். அதைத்தான் ஆங்கில இலக்கணம் ஜெரண்ட் என்கிறது.

'லுக் ஃபார்வர்ட் டு' என்பதில் உள்ளது எந்த 'டு'? அதன்பின் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பார்க்கலாம். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு தி இன்டர்வியூ' என்பது இயல்பாக ஒலிக்கிறது. 'ஐ வான்ட் டு தி இன்டர்வியூ' என்பதோ நிற்கவில்லை. ஆக, முன்னது முன்னிடைச்சொல். 'லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' என்று பிழையின்றி எழுதுபவரே அடுத்த கடிதத்தில் 'லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று எழுதிவிடுகிறார். இரண்டிலும் இருப்பது ஒரே 'டு' என்பதை உணர்ந்தால் 'ஹியரிங்' தானே வந்துவிடும்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. 'அக்ரீ' என்ற வினை 'அக்ரீ டு தி டெர்ம்ஸ்' என்று பெயரையும் ஏற்கும், 'அக்ரீ டு பே' என்று வினையையும் ஏற்கும். அத்தகைய சொற்களைப் பழக்கத்தால்தான் அறிய வேண்டும். 'லுக் ஃபார்வர்ட்' அந்த வகையைச் சேர்ந்ததன்று.

தமிழர் இதில் வழுக்குவதற்கு நம் மொழிபெயர்ப்பும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். 'சந்திக்க ஆவலாக இருக்கிறேன்' என்று மனத்தில் அமைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினால், 'சந்திக்க' என்பதற்கு 'டு மீட்' என்பதே கைக்கு வரும். 'எதிர்நோக்குகிறேன்' என்ற சொல்லை வைத்துச் சிந்தித்துப் பாருங்கள். 'சந்திக்க எதிர்நோக்குகிறேன்' என்று எழுத நம் செவியே இடம் தராது. 'சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்' என்போம். 'சந்திப்பது' தொழிற்பெயர்; 'மீட்டிங்'கும் அதுவே. தமிழ் இலக்கணம் இங்கே ஆங்கிலத்துக்குத் துணை நிற்கிறது.

பொருளாதார விடைத்தாள்களில் இதே பிழையின் உறவினர்களை ஆண்டுக்கணக்கில் திருத்தியிருக்கிறேன். வறுமையைக் குறைக்க ஒரு திட்டம் உதவுகிறது என்பதற்கு 'கான்ட்ரிபியூட்ஸ் டு ரெட்யூஸ் பாவர்ட்டி' என்று எழுதுவார்கள். 'கான்ட்ரிபியூட்ஸ் டு க்ரோத்' என்று பெயரை ஏற்கும் சொல் அது. ஆகவே 'ரெட்யூசிங் பாவர்ட்டி' என்பதே சரி. 'யூஸ்ட் டு' இன்னும் குழப்பும். 'ஐ யூஸ்ட் டு டிரைவ்' என்றால் முன்பு வண்டி ஓட்டிவந்தேன் என்று பொருள். 'ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவிங்' என்றால் ஓட்டிப் பழகியிருக்கிறேன் என்று பொருள்.

'லுக்ட் ஃபார்வர்ட் டு சீ' என்பது சரியாக அமையும் இடமும் ஒன்று உண்டு. பேருந்தில் பின்னிருக்கையில் இருப்பவர், வண்டி ஏன் நின்றது என்று காண முன்பக்கம் பார்த்தால் அப்படி எழுதலாம். அங்கே பார்வை மெய்யாகவே முன்னோக்கிச் செல்கிறது. 'டு சீ' என்பது காண்பதற்காக என்ற நோக்கத்தைக் குறிக்கிறது. வேலை கேட்பவர் சொல்ல வந்தது அதுவன்று.

'ஐ லுக் ஃபார்வர்ட்' என்பது அலுவல் கடிதத்துக்குரிய நடை. 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட்' என்பது சற்று நெருக்கமானது. இரண்டிலும் 'மீட்டிங்'தான் வரும். ஆனால், இரண்டுமே சந்திப்பு நடக்கும் என்று எண்ணிப் பேசுபவை. நேர்காணலுக்கு அழைப்பு வந்தபின் பொருந்தும் அந்தத் தொனி, முதல் விண்ணப்பத்தில் சற்றே உரிமை எடுத்துக்கொள்வதுபோல் தோன்றலாம். அங்கே 'ஐ ஹோப் டு மீட் யூ' என்று எழுதலாம். 'ஹோப்' என்பதன்பின் வருவது வினையோடு ஒட்டும் 'டு'; அதற்கு 'மீட்' என்பதே சரி.